இரண்டாகப் பிரியாத சம்பளம்

நான் நெய்வேலி ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஜூலை மாதம் பதிமூன்றாம் தேதி. அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்த தேதியிலேயே வருஷா வருஷம் இன்கிரிமென்ட் விழும். மாதம் பிறக்கும்போது சேர்ந்தவர்களுக்குக் கணக்கு சுலபம், முழு மாதமும் புதுச் சம்பளம். என்னைப் போல நட்டநடுவில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஒரு மாதம் மட்டும் சம்பளம் இரண்டாகப் பிரியும். முதல் பன்னிரண்டு நாளுக்குப் பழைய விகிதம், பதிமூன்றிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் புது விகிதம். பழைய சம்பளத்தை முப்பத்தொன்றால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கி, புதுச் சம்பளத்தை முப்பத்தொன்றால் வகுத்துப் பத்தொன்பதால் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் அந்த மாதத்து அடிப்படைச் சம்பளம். பஞ்சப்படியும் அதே மாதிரிதான் பிரியும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் சுரங்கத்துச் சம்பளப் பிரிவில் கிளார்க். கல்யாணமாகி வந்த முதல் ஜூலையில், சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு எனக்கு இவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரிச் சம்பளம் அவர் பிரிவில் போடுவது இல்லை, வேறு இடம். இருந்தாலும் பைசா பிசகாமல் அதே தொகை வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த ஆளுக்கு என்ன மூளை என்று டூட்டி அறையில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூலையும் அது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் காபி கொண்டுபோய் வைப்பேன், அவர் கணக்குப் போடுவார், நான் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

என் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் பிளாக் முழுக்க அவர் பெயர் பெற்றவர். லீவு, பி.எஃப். கடன், சம்பள நிர்ணயம் என்று யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து நிற்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்லுவார். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுவார், டாக்டர் மருந்து சொல்லுகிற மாதிரி. நான் பெரும்பாலும் மத்தியான டூட்டியில் இருப்பேன். வீட்டுக்கு வரும்போது முன்னறையில் காலி டம்ளர்கள் கிடக்கும். இன்றைக்கு எத்தனை பேருக்கு வைத்தியம் ஆச்சு என்று கேலி செய்துகொண்டே எடுத்துக் கழுவிப் போடுவேன்.

நான் சொல்ல வந்தது எங்கள் பெண்ணுக்கு மூன்று வயது நடந்த வருஷத்தைப் பற்றி. அந்த வருஷத் தொடக்கத்தில் புதுச் சம்பள விகிதம் வந்தது. அதுவரைக்கும் அவர் சம்பளம் என்னுடையதைவிட எப்போதும் ஒரு படி மேலே இருந்தது. புது விகிதத்தில் எல்லாருக்கும் திருத்தி நிர்ணயம் செய்தபோது, இரண்டு பேருடைய அடிப்படைச் சம்பளமும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது. பஞ்சப்படியும் ஒன்றுதான். அவரே உட்கார்ந்து இரண்டு முறை சரிபார்த்தார். அப்புறம் சிரித்தார். சமமாக்கிவிட்டானே என்றார்.

எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. அவருடைய இன்கிரிமென்ட் ஆகஸ்ட் முதல் தேதி. என்னுடையது ஜூலை பதிமூன்று. அப்படியானால் ஜூலை பதிமூன்றிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் நான் அவரைவிட ஒரு படி மேலே. ஆகஸ்ட் பிறந்ததும் அவர் வந்து பக்கத்தில் நின்றுகொள்ளுவார். இரண்டு வாரமும் சில நாட்களும்தான். ஆனால் அந்த ஜூலைச் சம்பளத்தில் என் அடிப்படை அவருடையதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சின்ன விஷயம்தான். கூட வரப்போகிற பணத்தில் ஒரு வாரத்துக் காய்கறிகூட வாங்க முடியாது. ஆனால் எனக்கு அந்த ஒரு சம்பளம் ரொம்ப வேண்டியிருந்தது. என் அப்பா நெல்லிக்குப்பத்தில் கரும்பாலைக்காரர். அரைவை நடக்கிற மாதங்களில் வேலை, மற்ற மாதங்களில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்கு பெண்களில் என்னை மட்டும் நர்ஸுக்குப் படிக்க அனுப்பினார். ஊரில் பலபேர் அதற்காக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனபிறகு, உன் சம்பளம் உன் புருஷனுக்கு ஒத்தாசை என்றார்கள். ஒத்தாசை என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ராத்திரி டூட்டியில் கால் வீங்க நிற்பவளுக்கு ஒத்தாசையாம். ஒரே ஒரு மாதமாவது ஒத்தாசை யாருடையது என்று எழுத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் மறைக்கவும் இல்லை. ஜூன் மாதமே அவரிடம், பதிமூன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் காபி நீங்கள்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உத்தரவு என்று கையைக் கட்டிக்கொண்டுகூட நின்றார்.

அவர் ஆபீஸிலும் இது பரவியிருந்தது. சம்பளப் பிரிவு அல்லவா, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஒரு நாள் அவருடைய சக கிளார்க் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பதிமூன்றாம் தேதிக்கு மேல் சார் வீட்டில் உட்காருவதற்குக்கூட அம்மாவிடம் அனுமதி கேட்கணும் என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம்.

ஜூன் கடைசியில் என் மாமியாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. மாமியார் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருந்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் ஜூலை முதல் வாரத்தில் செய்துவிட்டு, அப்புறம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் கண்புரை என்றால் இன்றைக்குப் போல மத்தியானம் போய்ச் சாயங்காலம் வருகிற காரியம் இல்லை. கண்ணைக் கட்டி, தலையை ஆட்டாமல் படுக்கவைத்து, குனியவிடாமல், இருமவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நர்ஸ் ஒருத்தி இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? எனக்கும் அதில் வருத்தம் இல்லை. மாமியார் என்னிடம் பாசமாகத்தான் இருப்பார். பத்து நாள் லீவு போதும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர், மாதக் கடைசி வரைக்கும் போட்டுவிடு, கண் விஷயம் விளையாட்டு இல்லை என்றார். என் கணக்கில் நிறைய லீவு கிடந்தது. ஆறாம் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் ஈட்டிய விடுப்புக்கு எழுதினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இடித்தது. பேனாவை மூடிவிட்டு அவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏங்க, பதிமூணாம் தேதி நான் லீவுல இருப்பேனே. இன்கிரிமென்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அவர் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சம்பளம் இல்லாத லீவா எடுக்கற? கையில இருக்கற லீவுதானே. இன்கிரிமென்ட் எங்கயும் போயிடாது. தேதியும் மாறாது" என்றார்.

அவ்வளவுதான். நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். பிளாக்கில் இருக்கிற அத்தனை பேரும் யாரிடம் வந்து கேட்பார்களோ அவரிடம் கேட்டாயிற்று. இதற்கு மேல் யாரைக் கேட்பது?

கடலூரில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாமியாரைக் கிராமத்துக்குக் கூட்டிவந்தோம். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு டூட்டிக்குத் திரும்பினார். நானும் பெண்ணும் மாமியாரும்தான். மாமியார் பேச்சை நிறுத்தமாட்டார், தலையை ஆட்டாமல் பேசுங்கள் என்று நான் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லுவேன். ஒரு கண்ணைக் கட்டியிருந்தாலும் இன்னொரு கண்ணால் அடுப்பில் நான் வைக்கிற உலையைக் கணக்குப் பார்ப்பார்.

பதிமூன்றாம் தேதி காலையில் கண்ணுக்குப் போடுகிற மருந்து தீர்ந்துவிட்டது. விருத்தாசலம் போய் வாங்கிவந்தேன். பஸ் ஸ்டாண்டில் நெய்வேலி பஸ் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் பிளாக் பெயர் சொல்லிக் கூவினார். எனக்கு ஒரு நிமிஷம் ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு வாரமாக வீட்டைப் பார்க்கவில்லை, அவர் என்ன சாப்பிடுகிறாரோ என்று ஒரு நினைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்புறம் கட்டின கண்ணோடு மாமியாரையும் குழந்தையையும் விட்டுவிட்டு எதற்கு என்று பேசாமல் ஊர் பஸ்ஸில் ஏறினேன். ஏறுவதற்கு முன்னால் கால் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டேன்.

மாமியாரிடம், இன்றைக்கு எனக்குச் சம்பளம் கூடுகிறது, அதற்குத்தான் என்று சொல்லி ஒரு துண்டை வாயில் வைத்தேன். அவருக்குச் சந்தோஷம். மென்றுகொண்டே, "என் புள்ளயவிட உனுக்கு அதிகமா இப்போ?" என்று கேட்டார். ஆமாம், மாதக் கடைசி வரைக்கும் என்றேன். "இருக்கட்டும், அவன் ஒண்ணும் கொறஞ்சிப் போயிட மாட்டான்" என்று இன்னொரு துண்டு கேட்டார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குக் கிடைக்காத ஒன்றுக்கு, கிடைக்காத அதே நாளில், என் காசைப் போட்டு ஊருக்கு இனிப்புக் கொடுத்திருக்கிறேன்.

இருபதாம் தேதி வாக்கில் கட்டைப் பிரித்தாயிற்று. மாமியார் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். நீ போய்ச் சேரும்மா, நான் பார்த்துக்கிறேன், பக்கத்து வீட்டுப் பொண்ணு இருக்கிறாள் என்றார். எனக்கும் போகலாம் என்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது சொன்னேன். லீவைக் குறைத்துக்கொண்டு சேர்ந்துவிடட்டுமா என்றேன். வேண்டாம், மாதம் முடியட்டும் என்றார். அம்மாவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று எனக்கு மனசு இளகிப்போயிற்று. நான் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் தேதி டூட்டியில் சேர்ந்தேன். அந்த வருஷம் அவர் கணக்குப் போடவில்லை. நானும் வந்த அலுப்பில் கேட்கவில்லை. சம்பள நாளில் கவுண்டரில் பணத்தையும் சீட்டையும் வாங்கினேன். எப்போதும் ஜூலைச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் பைசாவோடு ஒரு கோணல் தொகை இருக்கும். இந்த முறை போன மாதத்துத் தொகையே நேராக, முழுசாக இருந்தது. பிரியவே இல்லை. அவருடையதும் அதே தொகை என்பது எனக்குத் தெரியும்.

தவறு நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். டூட்டி அறையில் எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தியிடம் சீட்டைக் காட்டினேன். அவள் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள், கலகலப்பானவள், மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளமாட்டாள். இதைப் பார், என் இன்கிரிமென்டைப் போட மறந்துவிட்டார்கள், வீட்டுக்காரரிடம் சொல்லி எழுதிக் கேட்கணும் என்றேன். அவள் சீட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அக்கா, பதிமூணாம் தேதி நீங்க லீவுல இருந்தீங்களே" என்றாள்.

இருந்தேன், அதனால் என்ன என்றேன்.

"லீவுல இருக்கறப்போ தேதி வந்தா, கூடுற பணம் திரும்ப டூட்டில சேர்ற நாள்லேர்ந்துதான் வரும். அதுவரைக்கும் லீவு சம்பளம் பழைய சம்பளந்தான். அதனாலதான் நான் போன வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டப்போ, நடுவுல ஒரே ஒரு நாள் வந்து டூட்டி பாத்துட்டு மறுபடியும் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனேன். உங்களுக்கு ஞாபகம் இல்லியா?"

ஞாபகம் இருந்தது. கையில் மருதாணியோடு வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள் என்று நாங்கள் கேலிகூடச் செய்தோம். மேட்ரனுக்கு ஏதோ ஆள் தேவை, கூப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். இந்த விதி உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லத் தயங்கினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.

"சார்தான்" என்றாள். "நீங்க அன்னிக்கு மத்தியான டூட்டி. நானும் எங்க வீட்டுக்காரரும் வந்து கேட்டோம். பொண்ணு வீட்டு வேலைய எல்லாம் ஒரு நாள் தள்ளி வெச்சிக்கம்மா, அந்தத் தேதியில மட்டும் டூட்டில இருந்துடு, சேர்ந்த அன்னிக்குப் புதுச் சம்பளம் ஆயிடும், அதுக்கப்புறம் போடுற லீவுக்கும் புதுச் சம்பளமே வரும்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்பினாரு."

சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சார் மறந்திருப்பார் அக்கா என்றாள். அவளுடைய நல்ல மனசு அது. என் வீட்டுக்காரர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அவர் பால்காரன் எந்த நாளில் தண்ணீர் கலந்தான் என்பதையே ஆறு மாதம் ஞாபகம் வைத்திருப்பவர்.

அன்றைக்கு வார்டில் என்ன வேலை செய்தேன் என்றே தெரியவில்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த பஸ்ஸில் ஏறி வந்து, மத்தியான டூட்டியில் சேருகிறேன் என்று எழுதிக் கொடுத்து, ராத்திரி வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸில் திரும்பியிருந்தால் போதும். மாமியாரைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு டூட்டி. ஊராருக்கெல்லாம் இரண்டு தடவை சொல்லி அனுப்பியதை எனக்கு ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

யோசிக்க யோசிக்க இன்னொன்று பிடிபட்டது, அதுதான் ரொம்பக் கசந்தது. அவர் என்னிடம் பொய்யே சொல்லவில்லை. இன்கிரிமென்ட் எங்கேயும் போகவில்லை. தேதியும் மாறவில்லை, அடுத்த வருஷமும் பதிமூன்றேதான். நான் கேட்ட கேள்விக்கு விதிப்படி சரியான பதில். வாய்தவறிச் சொல்லியிருந்தால் மன்னித்திருக்கலாம். இது அளந்து, நறுக்கிச் சொன்னது. பெண்ணின் தலையில் வகிடு எடுத்துக்கொண்டே சொன்னது. மாதக் கடைசி வரைக்கும் லீவு என்றதும், கட்டுப் பிரித்த பிறகும் வராதே என்றதும் இப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால்கூட அந்த ஒரு நாளுக்குப் புது விகிதம் வந்து, ஜூலைச் சம்பளம் சில பைசாவாவது அவருடையதைத் தாண்டியிருக்கும். அதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. கட்டிய கண்ணோடு படுத்திருந்த தாயாரையே இதற்கு ஒரு சாக்காக வைத்திருக்கிறார்.

சாயங்காலம் அவர் வந்து சைக்கிளை நிறுத்தினார். காபி கொடுத்தேன். குடித்து முடித்தார். அப்புறம் சம்பளச் சீட்டை எதிரில் வைத்தேன்.

அவர் அதை எடுக்கவில்லை. எடுக்காமலே அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நீ கேட்டதுக்கு நான் சரியாத்தானே சொன்னேன்?" என்றார்.

"கேக்காததயும் சொல்றவராச்சே நீங்க. ஊருல இருக்கற எல்லாருக்கும் சொல்றீங்களே, ஒரு நாள் வந்து டூட்டில சேந்துட்டுப் போன்னு. எனக்கு ஏன் சொல்லல?"

அவர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் கத்துவதற்கு வசதியாக இருந்திருக்கும். ஆபீஸில் நடப்பதை மெல்லச் சொன்னார். மே மாதத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்களாம். ஜூலை பதிமூன்றாம் தேதியை யாரோ அவர் மேஜைக் காலண்டரில் சிவப்பு மசியில் வட்டம் போட்டிருந்தார்களாம். நர்ஸம்மா புருஷன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். அதிகாரி வரைக்கும் போய், அவரும் ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தாராம்.

"உனக்குத் தெரியாது, அங்க எப்டி சிரிச்சிகினு இருந்தானுங்கன்னு" என்றார். எப்போதும் டவுன்ஷிப் பேச்சில் பேசுகிறவர், அப்போது மட்டும் ஊர்ப் பேச்சில் பேசினார். "ரெண்டு மூணு வாரம். அதுக்குள்ள ஆகஸ்ட் வந்துடும். அந்த ரெண்டு மூணு வாரத்த நீ விட்டுக் குடுக்கக் கூடாதா?"

"விட்டுக் குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பனோ என்னமோ. நீங்க எங்க கேட்டீங்க?" என்றேன். "ரெண்டு மூணு வாரம்தானே, அத எனக்கு நீங்க விட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

பெண் எழுந்துவிட்டாள், நான் உள்ளே போனேன். அடுத்த நாளும் சமைத்தேன், டூட்டிக்குப் போனேன், அவர் சட்டையை இஸ்திரி போட்டேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க, அவர் சொல்லுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் சொல்லாமல் விட்டது என்ன என்று என் மனசு தேட ஆரம்பித்துவிட்டது. மழை வராது, குடை வேண்டாம் என்பார். எதற்காகச் சொல்லுகிறார் என்று யோசிப்பேன். இப்படி ஒரு ஆளோடு வாழ்வது எவ்வளவு அலுப்பு என்று சொல்லி மாளாது. இன்னொருவராக இருந்தால் ஒரு மூச்சு அழுது தீர்த்திருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் வற்றாமல் கிடந்தது.

சாயங்காலத்தில் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவர் முன்போலவே குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் வீட்டில் இருந்தபோது மின் நிலையத்து ஊழியர் ஒருவர் வந்து லீவைப் பற்றிக் கேட்டார். இவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்கிரிமென்ட் தேதி என்னைக்கு என்று அவரைக் கேட்டு, அன்றைக்கு மட்டும் டூட்டியில் இருந்துவிடுங்கள் என்றார். நான் காபிக்குச் சர்க்கரை போட மறந்து கொண்டுபோய் வைத்தேன். வந்தவர் மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் இருக்கிறதே என்று நான் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். அடுத்த ஜூலையிலும் இரண்டு பேரும் ஒரே படியில்தானே இருப்போம், பதிமூன்றாம் தேதி யார் தடுத்தாலும் டூட்டியில் நிற்கப்போகிறேன், காய்ச்சல் வந்தாலும் சரி, வீட்டில் இடியே விழுந்தாலும் சரி. டூட்டி போடுகிற சிஸ்டரிடம் மே மாதமே சொல்லியும் வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் அவருக்குப் பிரமோஷன் வந்தது. சீனியர் கிளார்க். புது ஸ்கேலில் அவர் அடிப்படை என்னுடையதைவிட மூன்று படி மேலே போய்விட்டது. நான் எத்தனை இன்கிரிமென்ட் வாங்கினாலும், இனி எந்த மாதத்திலும், எந்தப் பாதி மாதத்திலும் அவரைத் தாண்டப் போவதில்லை. பிரமோஷன் பட்டியலில் தன் பெயர் இருப்பது அவருக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். பிரிவில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் தெரியாமல் இருக்குமா? அவர் தாண்ட வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு ஜூலையைத்தான். எனக்கு இருந்ததும் அந்த ஒரே ஒரு ஜூலைதான்.

ஆர்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலுக்கே வந்து காட்டினார். நல்லது என்றேன். அவர் முகத்தில் ரொம்ப நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. என் தோளில் கை வைத்தார்.

"இனிமே நீ எந்தத் தேதியில வேணும்னாலும் லீவு எடுத்துக்கலாம்" என்றார்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அது எனக்கும் நல்ல செய்தி என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.